கோர்ட்டை நம்பிக் காத்திருந்த 6 நாள்... எர்ணாகுளத்துக்கு நீட் எழுதப்போன அப்பாவும் மகளும்!

தேர்வு மையம் வெளியூரில் விழுந்தால் என்ன ஆகும்? 'முந்தின நாளே போய்ட வேண்டியதுதானே' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 2018 மே மாதம் தமிழக மாணவர்கள் பலர் கேரளாவுக்கும் ராஜஸ்தானுக்கும் போய் நீட் எழுதியபோது, அது ஏன் அவ்வளவு சுலபமாக இல்லை? திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பிய ஓர் அப்பா, மகள் பயணத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

2018-ல் நீட் தேர்வை நடத்தியது சிபிஎஸ்இ. நாடு முழுக்க 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, திருநெல்வேலி உட்பட 10 நகரங்களில்தான் மையங்கள். விண்ணப்பித்தவர்கள் எண்ணிக்கைக்கு அந்த இடங்கள் போதவில்லை. ஏப்ரலில் ஹால் டிக்கெட் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேறு மாநிலம் விழுந்திருந்தது. அதிலும் பலருக்கு எர்ணாகுளம்.

அப்போதே ரயிலில் சீட் போட்டிருக்கலாம். ஆனால், விஷயம் கோர்ட்டுக்குப் போனது. தமிழக மாணவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே மையம் ஒதுக்க வேண்டும் என்று ஏப்ரல் 27-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. "திருச்சிக்கே மாத்திடுவாங்கப்பா" என்று மகள் சொல்ல, அப்பாவும் டிக்கெட் எடுப்பதைத் தள்ளிப்போட்டார். அந்த முடிவில் தப்பு ஒன்றும் இல்லை. உயர் நீதிமன்ற உத்தரவையே நம்பாமல் வேறு எதை நம்புவது?

மே 3, வியாழக்கிழமை. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. கடைசி நேரத்தில் மையங்களை மாற்ற முடியாது என்ற சிபிஎஸ்இ வாதம் எடுபட்டது. தேர்வு மே 6, ஞாயிற்றுக்கிழமை. நம்பிக் காத்திருந்த 6 நாளில் ரயில் இருக்கைகள் எல்லாம் காலி.

தட்கல் இருக்கே?

இருக்கிறது. ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத்தான் ஸ்லீப்பர் தட்கல் திறக்கும். இந்த அப்பா, மகளுக்கு வசதியானது காரைக்கால் - எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ். திருவாரூர், தஞ்சை, திருச்சி, ஈரோடு, கோவை வழியாக ராத்திரி முழுக்க ஓடி, காலையில் எர்ணாகுளம் சேரும். வெள்ளிக்கிழமை 11 மணிக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தார்கள். பெயர், வயது எல்லாம் அடித்து முடிப்பதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்.

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. கவுன்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டும் ஆன்லைனில் எடுத்ததும் ஒன்றல்ல. ஆன்லைன் டிக்கெட் சார்ட் போடும்போது முழு வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், பணம் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். எனவே, சனிக்கிழமை மாலை இருவரும் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறினார்கள். மகளுக்கு ஜன்னல் ஓரம் ஓர் இடம் கிடைத்தது. அப்பா ஈரோடு வரை நின்றபடியே வந்தார்.

அந்த நேரத்தில் தமிழக அரசு ஓர் உதவியை அறிவித்திருந்தது: மாணவருக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணம், கூடவே 1,000 ரூபாய். ஆனால், பெட்டியில் இடம் இல்லை என்ற பிரச்னையைப் பணம் தீர்க்காது.

ஹால் டிக்கெட்டில் 'எர்ணாகுளம்' என்றால் எந்த எர்ணாகுளம்?

பாலக்காடு தாண்டிய பிறகுதான் ஹால் டிக்கெட்டை நிதானமாகப் படித்தார்கள். எதிரே இருந்த மலையாளி ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆலுவா பக்கமாச்சே, எர்ணாகுளம் வரை எதுக்குப் போறீங்க?" என்றார். அதுவரை அப்பாவின் கணக்கு, எர்ணாகுளம் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிப்பது.

'எர்ணாகுளம்' என்பது ஹால் டிக்கெட்டில் தேர்வு நகரத்தின் பெயர். மையம் அந்த மாவட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆலுவா ஸ்டேஷன் எர்ணாகுளத்துக்கு முன்பே வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சுமார் 20 கி.மீ. தாண்டிப் போயிருந்தால் அதே தூரம் திரும்பி வர வேண்டும். நகரத்துக்குள் மையம் விழுந்தவர்களுக்கு வேறு குழப்பம்: எர்ணாகுளம் டவுன், எர்ணாகுளம் ஜங்ஷன் என இரண்டு ஸ்டேஷன்கள். உள்ளூர்க்காரர்கள் நார்த், சவுத் என்பார்கள். போதாததற்கு, ஒரே பெயரில் பல கிளைகள் உள்ள பள்ளிகளும் உண்டு.

ஆட்டோக்காரர் முதலில் கொண்டுபோய் நிறுத்தியதும் அப்படி ஒரு கிளையில்தான். பெயர் சரி, போர்டு சரி. ஆனால், வாசலில் போலீஸும் இல்லை, பெற்றோர் கூட்டமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் மகளுக்குச் சந்தேகம் வந்தது. ஹால் டிக்கெட்டில் பள்ளிப் பெயருக்குக் கீழே இருந்த இடத்தின் பெயரையும் பின்கோடையும் காட்டிய பிறகே சரியான கிளைக்கு வண்டி திரும்பியது.

9.30 மணிக்கு கேட் மூடும் என்றால்?

தேர்வு காலை 10 மணிக்கு. ஆனால், 7.30-லிருந்து உள்ளே விட ஆரம்பித்து, 9.30-க்குப் பிறகு யாரையும் விட மாட்டார்கள். ரயில் தாமதம், தவறான கிளை எல்லாம் போக அவர்கள் வாசலுக்கு வந்தபோது 9 மணி.

வரிசையில் இன்னொரு சிக்கல். ஹால் டிக்கெட்டில் ஒட்டியது போக, வருகைப் பதிவுக்கு இன்னொரு பாஸ்போர்ட் அளவு போட்டோ வேண்டும். விண்ணப்பத்தில் ஏற்றிய அதே போட்டோவாக இருக்க வேண்டும். அதுவோ வீட்டு பீரோவில். ஞாயிறு காலை எந்த ஸ்டூடியோ திறந்திருக்கும்? அப்பா பர்ஸைத் துழாவினார். பள்ளி அடையாள அட்டைக்காக எடுத்த பிரதிகளில் ஒன்று, அதே போட்டோ, எல்ஐசி ரசீதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. "போம்மா, ஓடு." வேறெதுவும் பேச நேரமில்லை. 9.20-க்கு மகள் உள்ளே போனார். ராத்திரி தூங்காத கண்ணோடு 180 கேள்விகள், 3 மணி நேரம்.

அன்று கேரள அரசு ஸ்டேஷன்களில் உதவி மையங்கள் வைத்திருந்தது. ஆனாலும் அந்த நாள் எல்லோருக்கும் நல்லபடியாக முடியவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து மகனை அழைத்துப்போன ஒரு தந்தை, மகன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதே எர்ணாகுளத்தில் மாரடைப்பால் இறந்துபோனார்.

பிறகு என்ன மாறியது?

2019-லிருந்து தேர்வு தேசிய தேர்வு முகமையின் கைக்குப் போனது. தமிழகத்தில் தேர்வு நகரங்கள் அந்த ஆண்டு 14 ஆகவும், 2021-ல் 18 ஆகவும் உயர்ந்தன. ஹால் டிக்கெட்டுக்கு முன்பே எந்த நகரம் என்று தெரிவிக்கும் சீட்டும் இப்போது தனியாக வருகிறது. டிக்கெட் போட அதுவே போதும். ஆனால், அதில் நகரத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்த நகரத்தில் எந்த ஸ்டேஷன், எந்தக் கிளை என்பது ஹால் டிக்கெட் வந்த பிறகே தெரியும். முழு முகவரியை, பின்கோடு வரை, ரயில் ஏறும் முன்பே மேப்பில் போட்டுப் பார்ப்பது நல்லது. பாலக்காடு தாண்டிய பிறகு சொல்ல, எதிர் சீட்டில் ஆள் இருப்பார் என்று நிச்சயமில்லை.