படத்தை ஏற்றும் முன் அளவைக் குறைப்போம்

மதரஸா ஆண்டு விழாவில் செல்போனில் 20 படங்கள் எடுக்கிறோம். ஒவ்வொன்றும் 4000 × 3000 பிக்ஸல், சுமார் 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அப்படியே ஏற்றினால் 80 எம்பி டேட்டா செலவாகும். சர்வரிலும் அவ்வளவு இடம் பிடிக்கும்.

எனவே முதலில் நீள அகலத்தைக் குறைக்க வேண்டும். சாம்சங் கேலரியில் Edit-ஐத் தொட்டு, மூன்று புள்ளிகளுக்குள் சென்றால் Resize இருக்கும். 1600 × 1200 அளவுக்குக் கொண்டுவந்தால் பிக்ஸல்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். 20 படங்களும் சேர்ந்து 15 எம்பி அளவில் அடங்கிவிடும். செல்போன் திரையில் பார்ப்பவருக்கு இந்த அளவே போதும்.

இதற்கு மேலும் சுருக்க, சில செயலிகளில் தரத்தை 80 சதவீதமாக வைக்கலாம். ஆனால் ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் நுண்ணிய விவரங்கள் கொஞ்சம் அழிகின்றன. அவை திரும்ப வருவதில்லை. வாட்ஸ்அப்பில் படமாக வந்தது பெரும்பாலும் ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். அதை மறுபடியும் சுருக்காமல், எடுத்தவரிடம் அசல் படத்தைக் கேட்டு வாங்குவோம்.

சுருக்கிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோலத் தெரிந்தால் அளவுக்கு மீறிச் சுருக்கிவிட்டோம் என்று பொருள். பொடி எழுத்துள்ள நோட்டீஸ்களைச் சற்றுப் பெரிதாகவே விடுவது நல்லது. சுருக்கியதைத் தனிப் பிரதியாகச் சேமித்து, அசலை அப்படியே வைத்துக்கொள்வோம்.