இழுத்த விசையும் இறங்கிய விசையும்

சென்ற வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் டிப்ளமோ கடைசி ஆண்டு படிக்கும் தம்பி. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. “ஐயா, தாள்கள் நிறைய இருக்கின்றன. எந்தக் கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்தால் தேறலாம்?” என்று கேட்டிருந்தார். பதில் எழுதி அனுப்பிவிட்டேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

இந்தியாவில் இந்தத் தேர்வை டி.ஜி.சி.ஏ., அதாவது விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கார்-66 என்ற விதித்தொகுப்பின்படி நடத்துகிறது. கேள்விக்கு மூன்று விடைகள் தந்திருப்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. எல்லாத் தாள்களையும் முடித்தாலும் உரிமம் உடனே கைக்கு வராது. ஓடும் விமானங்களில் வேலை செய்த அனுபவத்தையும் பதிவேட்டில் காட்ட வேண்டும்.

தம்பி, முதலில் பாடத்திட்டத்தை எடுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே 1, 2, 3 என்று ஓர் எண் இருக்கும். 1 என்றால் அறிமுகம் போதும். 2 என்றால் கொள்கை புரிந்திருக்க வேண்டும். 3 என்றால் தெரிந்ததை வேலையில் பொருத்திப் பார்க்கவும் தெரிய வேண்டும். உங்கள் நேரத்தை இந்த எண்களைப் பார்த்துப் பங்கிடுங்கள். பராமரிப்பு முறைகள் தாளில் ‘கருவிகள்’ என்ற தலைப்பு 3-ஆம் நிலையில் இருக்கிறது. மனப்பாடம் எங்கே கைவிடும் என்பதை அதிலிருந்தே ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

ஒரு போல்ட்டை 200 இன்ச்-பவுண்டு விசையில் முறுக்கச் சொல்கிறது கையேடு. டார்க் ரெஞ்ச் நேராக எட்டவில்லை. அதன் முனையில், கைப்பிடிக்கு எதிர்த்திசையில் நேர்க்கோட்டில் நீளும்படி, 5 அங்குல இணைப்பு ஒன்றைப் பொருத்துகிறோம். ரெஞ்ச் தலையின் மையத்திலிருந்து கை பிடிக்கும் இடம்வரை 10 அங்குலம். இப்போது ரெஞ்ச்சை எத்தனையில் அமைப்பது?

200-இல் அமைத்தால் ‘கிளிக்’ கேட்கும்போது கை கொடுக்கும் விசை 20 பவுண்டு. போல்ட்டோ கையிலிருந்து 15 அங்குலம் தள்ளி இருக்கிறது. ஆகவே போல்ட்டில் விழுவது 300. போல்ட்டில் 200 விழ வேண்டுமானால் 200-ஐ 10-ஆல் பெருக்கி 15-ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 133 வரும். விடைகளாக 133, 200, 300 என்ற மூன்றையும் கொடுத்திருப்பார்கள். 133 என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், அதே இணைப்பைச் செங்கோணத்தில் திருப்பிக் கேட்டாலும் 133 என்றுதான் குறிப்பார். செங்கோணத்தில் நெம்பும் தூரம் மாறாது; அங்கே 200 தான் சரி. சாக்கெட்டுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் நீட்டிப்புத் தண்டுக்கும் திருத்தம் தேவையில்லை. படம் வரைந்து பார்த்தவருக்கு மூன்றும் ஒரே பாடம். வரையாதவருக்கு மூன்றும் தனித்தனிக் கேள்விகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘கிளிக்’ கேட்டுவிட்டதாலேயே போல்ட் சரியாகப் பிடித்துவிட்டது என்று ஆகாது. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிஏசி 1-11 விமானத்தின் முன் கண்ணாடி, சுமார் 17,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார், கேப்டன் பிழைத்தார்.

அந்தக் கண்ணாடியை மாற்றி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. மாட்டிய 90 போல்ட்களில் 84, விட்டத்தில் சுமார் 0.026 அங்குலம் சிறியவை. பாகப் பட்டியலில் எண்ணைத் தேடாமல், கழற்றிய பழைய போல்ட்டை வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். மரை நழுவியதைக் கையில் உணர்ந்தபோது, அது ஸ்குரூடிரைவர் விசை எட்டியதால் வந்த ‘கிளிக்’ போலவே இருந்தது. போல்ட் பற்றிய பாடம் ஒரு தாளில் வரும், முறுக்கு விசை இன்னொன்றில் வரும், மனிதத் தவறுகள் மூன்றாவதில் வரும். இந்த நிகழ்ச்சியில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. அதனால் தாள்களைத் தனித்தனியே படித்தாலும் ஒரே குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கேள்வித் தொகுப்பையும் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடம் முடிந்த பிறகு திறங்கள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 75 நொடி என்று கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதுங்கள். சரியான விடையைக் குறித்ததும், மற்ற இரண்டும் ஏன் தவறு என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி வராத கேள்விகளே நீங்கள் மறுபடி படிக்க வேண்டியவை.

இன்று ஒரு கணக்கு தருகிறேன். அதே 10 அங்குல ரெஞ்ச், அதே 5 அங்குல இணைப்பு, போல்ட்டுக்கு அதே 200. இணைப்பைக் கைப்பிடிப் பக்கமாகத் திருப்பி மாட்டினால் ரெஞ்ச்சை எத்தனையில் அமைக்க வேண்டும்? படம் வரைந்து, விடையோடு அடுத்த கடிதத்தில் அனுப்புங்கள், தம்பி.