எஃப்பா, எஸ்ஸா? போனில் தொலையும் மேல் ஒலிகள்

மட்டாஞ்சேரி ஜூ டவுன் மசாலாக் கடைகளுக்கும் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் இடையே நாள் முழுக்க போன் பேச்சு ஓடும். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. விலையில் குழப்பம் வருவது அரிது. எட்டு எம்எம் காயா, ஏழா என்பதிலும் பெரிதாக வராது. பில் போடுவதற்கு ஜிஎஸ்டி எண் கேட்கும்போதுதான் இழுபறி ஆரம்பிக்கும்.

“எஃப்பா அண்ணே, எஸ்ஸா?”

“எஃப்... ஃபேன்.”

“பேனா? பி-யா?”

அந்த எண்ணில் மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநில எண்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வியாபாரியின் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, ஆள் யார் என்பதைச் சொல்லும். தனிநபர் என்றால் பி, கூட்டு நிறுவனம் என்றால் எஃப். அந்த இடத்தில் எஸ் வரவே வராது என்பதால், விவரம் தெரிந்த கணக்குப்பிள்ளை கேட்காமலே எஃப் போட்டுவிடுவார். ஐந்தாவது எழுத்து பெயரின் முதலெழுத்து. அங்கே எஃப்பும் வரலாம், எஸ்ஸும் வரலாம். காதை நம்புவதைத் தவிர வழியில்லை. அந்தக் காதுக்குத்தான் போன் பல நேரங்களில் வேண்டியதைக் கொடுப்பதில்லை.

‘எஃப்’, ‘எஸ்’ இரண்டிலும் முன்னால் வருவது ஒரே ‘எ’. வித்தியாசம் முழுக்கப் பின்னால் வரும் காற்றொலியில் இருக்கிறது. ‘ஸ்’ என்ற சீறலின் பலம் ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் குவிகிறது. பெண்கள், குழந்தைகள் குரலில் இன்னும் மேலே போய்விடும். ‘ஃப்’ பலவீனமான ஒலி, பரந்து கிடப்பது. அதன் அடையாளத்திலும் பெரும்பங்கு மேலேதான். பழைய வகை போன் அழைப்பு கடத்துவதோ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டும். ஆக, இரண்டு எழுத்தையும் பிரித்துக் காட்டும் பகுதி வழியிலேயே வெட்டப்படுகிறது. மிச்சமிருப்பது ‘எ’யும் அதன் வாலில் ஒரு மங்கலான சலசலப்பும்.

அப்படியென்றால் எல்லா எழுத்தும் கெட வேண்டுமே? கெடுவதில்லை. ‘ழ’வை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்கை மடக்கும்போது குரலின் மூன்றாவது ஒத்ததிர்வு கீழிறங்கி 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி வந்துவிடுகிறது. ‘ழ’வைக் காது கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்த இறக்கத்தை வைத்துத்தான். அது 3,400-க்குள் பத்திரமாக இருப்பதால், எவ்வளவு மட்டமான அழைப்பிலும் ‘ஏழு’ ஏழாகவே கேட்கும். உயிரெழுத்துகளும் அப்படியே, அவற்றைப் பிரிக்கும் அடையாளங்கள் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ‘ஷ்’ கொஞ்சம் கீழே தொடங்குவதால் பாதி தப்பிக்கிறது. விலை பேசும்போது வராத தடுமாற்றம் எழுத்துக்கூட்டும்போது வருவதற்குக் காரணம் இதுதான். வாக்கியத்தில் ஒரு ஒலி விழுந்தாலும் பொருளை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. தனி எழுத்தில் நிரப்பிக்கொள்ள என்ன இருக்கிறது?

கீழ்ப்பக்கத்திலும் ஒரு வெட்டு உண்டு. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 100 முதல் 150 ஹெர்ட்ஸ். அது 300-க்குக் கீழே இருப்பதால் அழைப்பில் வருவதே இல்லை. ஆனாலும் எதிர்முனையில் பேசுவது ஆண்குரல் என்று தெரிகிறது. மேலே உள்ள மடங்குகளைக் கேட்டு, வராத அடிப்படையைக் காதும் மூளையும் சேர்ந்து ஊகித்துவிடுகின்றன. ஊகத்தில் சுருதி கிடைக்கும், கனம் கிடைக்காது. போனில் எல்லோர் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஒல்லியாகக் கேட்பது அதனால்தான்.

300, 3,400 என்ற எண்கள் மொபைல் காலத்தவை அல்ல. ஒரே கம்பியில் பல டிரங்க் அழைப்புகளை அடுக்கி அனுப்பிய காலத்தில் ஒவ்வொன்றுக்கும் 4,000 ஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கி, இடையில் கொஞ்சம் காலி விட்டார்கள். பேச்சு புரிந்தால் போதும் என்பதே கணக்கு. பின்னால் டிஜிட்டல் வந்தபோதும் அதே அளவையே வைத்துக்கொண்டார்கள்: வினாடிக்கு 8,000 மாதிரிகள், மாதிரிக்கு 8 பிட், மொத்தம் 64 கிலோபிட். அதன்மேல்தான் மொபைலும் ஏறியது.

கேரளத்தின் முதல் மொபைல் அழைப்பு 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில்தான் நடந்தது. அவென்யூ ரீஜென்ட் ஹோட்டலில் இருந்து எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தெற்குக் கடற்படைத் தலைமையகத்தின் வைஸ் அட்மிரல் ஏ.ஆர். டாண்டனோடு பேசினார், எஸ்கோடெல் நிறுவனத்தின் சேவை. கம்பி போனது பெரிய புரட்சி, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கால ஜிஎஸ்எம் அழைப்பில் போன குரல் லேண்ட்லைனின் அதே குறுகிய பட்டைதான். கூடவே 64 கிலோபிட்டை 13 கிலோபிட்டாக வேறு இறுக்கினார்கள்.

அகன்ற பட்டையின் நுட்பம் தயாராகப் பல ஆண்டுகள் ஆகவில்லை. ஏஎம்ஆர்-டபிள்யூபி எனப்படும் குரல் சுருக்கமுறையை மொபைல் தரநிலை அமைப்பான 3ஜிபிபி 2001-லேயே முடித்துவிட்டது. வணிகரீதியாக முதலில் ஓட்டியது 2009-ல் மால்டோவாவின் ஆரஞ்ச் நிறுவனம். இந்தியாவில் சாதாரண சந்தாதாரரின் காதுக்கு அது பெரிய அளவில் வந்தது 2016 செப்டம்பரில், ஜியோ தொடங்கியபோது. அந்த நெட்வொர்க்கில் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பேச்சு முழுவதும் 4ஜி மேலேயே, அதாவது வோல்ட்டி வழியாகவே போயாக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஏர்டெல் தொடங்கியது, பிறகு மற்றவர்களும் வந்தார்கள். பிஎஸ்என்எல்லின் உள்நாட்டு 4ஜி முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான்.

இந்த அகன்ற பட்டைதான் எச்டி வாய்ஸ். எச்டி என்றால் டேட்டா அதிகம் ஓடும், அதனால் தெளிவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பழைய ஏஎம்ஆர் முறை அதிகபட்சமாக வினாடிக்கு 12.2 கிலோபிட் எடுக்கும். ஏஎம்ஆர்-டபிள்யூபி வழக்கமாக ஓடும் அளவு 12.65 கிலோபிட். வித்தியாசம் அரை கிலோபிட்கூட இல்லை. ஆனால் கிடைப்பது 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். வினாடிக்கு 16,000 மாதிரி எடுத்து, அதில் 6,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டும் ஒழுங்காகக் கணக்கிட்டு அனுப்புகிறார்கள். அதற்கு மேலே 7,000 வரை உள்ள பகுதி, ஆக உயர்ந்த 23.85 கிலோபிட் அளவைத் தவிர மற்றவற்றில், அனுப்பப்படுவதே இல்லை. கேட்பவரின் போன், கீழ்ப்பகுதியைப் பார்த்து ஊகித்து, அங்கே ஒரு இரைச்சலைத் தானே நிரப்புகிறது. ‘ஸ்’ இயற்கையிலேயே இரைச்சல்தானே, காது அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மோசடிதான், ஆனால் அழகான மோசடி.

இவ்வளவு இருந்தும் போடிக்குப் போகும் அழைப்பு சில நாள் தெளிவாகவும் சில நாள் பழையபடியும் இருப்பது ஏன்? அகன்ற பட்டை முனையிலிருந்து முனை வரை அறுபடாமல் போனால்தான் உண்டு. ஜூ டவுனில் ஒருவர் கையில் புத்தம்புது ஸ்மார்ட்போன் இருக்கலாம். எதிர்முனையில் இருப்பவர் பட்டன் வைத்த 2ஜி போனில் பேசினால் இருவருக்கும் குறுகிய பட்டைதான். லேண்ட்லைனுக்குப் போட்டாலும் அதே கதி. இரண்டு பேரும் வோல்ட்டியிலேயே இருந்து, நிறுவனம் மட்டும் வேறு வேறாக இருந்தால் விஷயம் இன்னும் நுட்பமானது. ஒரு நெட்வொர்க்கிலிருந்து மற்றதற்கு அழைப்பு கைமாறும் இடத்தில் பழைய 64 கிலோபிட் சுற்று இருந்தால், குரல் அங்கே 8,000 மாதிரிக்கு இறக்கப்படும். அந்தப் பக்கம் போய் மறுபடி அகன்ற முறையில் சுருக்கினாலும், வெட்டியது திரும்பி வராது. திரையில் எச்டி அடையாளம் தெரிந்தும் காதில் தகர டப்பா கேட்கும் அழைப்புகளில் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு இடம் போன் செட்டிங்ஸ். வோல்ட்டியை அணைத்து வைத்திருந்தால், 4ஜியில் இருக்கும் போன் அழைப்பு வந்ததும் கீழே 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். ஏர்டெல் தன் 3ஜியை மூடிவிட்டதால் அதில் நேராக 2ஜி. கூட்ட நேரத்தில் 2ஜியில் ஒரே இடத்துக்குள் இரண்டு அழைப்பைத் திணிக்கும் அரை-வீத முறையும் உண்டு. அப்போது குறுகிய பட்டையிலும் தரம் குறையும். கண்டுபிடிப்பது எளிது. பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்மூலையைப் பாருங்கள். 4G அல்லது VoLTE அப்படியே நின்றால் உங்கள் பக்கம் சரி. அது H ஆகவோ E ஆகவோ மாறினால் அழைப்பு கீழே இறங்கிவிட்டது. தடித்த சுவர்கள் கொண்ட பழைய பண்டகசாலைக்குள் பேசிக்கொண்டே நடந்தால், 4ஜி சிக்னல் தேய்ந்து பேச்சின் நடுவில்கூட இந்த இறக்கம் நிகழலாம். குரல் திடீரென ஒல்லியாவதைக் காதாலேயே பிடித்துவிடலாம்.

திரையை நம்பாதவர்களுக்குக் காதுச் சோதனை ஒன்று இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவரை ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி இழுக்கச் சொல்லுங்கள். கூர்மையான சீறலாக வந்தால் அகன்ற பட்டை. தூரத்தில் காகிதம் உரசுவதுபோல வந்தால் குறுகியது. முடிந்தால் ஆண் குரலில் செய்யச் சொல்வது நல்லது. பெண்கள், சிறுவர்களின் சீறல் சில சமயம் 7,000-ஐயும் தாண்டிப் போவதால் எச்டி அழைப்பிலும் கொஞ்சம் மழுங்கித்தான் வரும். அதற்கு மேலேயும் கொண்டுபோகும் ஈவிஎஸ் என்ற முறை 2014-ல் வந்துவிட்டது, புதிய போன்கள் பலவற்றில் இருக்கிறது. இரண்டு முனையிலும் இருந்தால்தான் அதுவும் வேலை செய்யும்.

தெளிவும் அறுபடுதலும் வேறு வேறு நோய்கள். குரல் 20 மில்லிவினாடித் துண்டுகளாகப் போகிறது. துண்டுகள் வழியில் தொலைந்தால் எச்டியிலும் வார்த்தை விழுங்கும், ரோபோ குரல் வரும். பட்டை அகலமானதால் சிக்னல் பலமாகிவிடாது.

எல்லாம் சரியாக இருந்தும் மந்தமாகக் கேட்கிறது என்றால், கடைசியாகப் பார்க்க வேண்டியது காரில் பேசுகிறோமா, காதில் புளூடூத் மாட்டியிருக்கிறோமா என்பது. பழைய கார் ஸ்டீரியோக்களும் மலிவு ஹெட்செட்களும் போனிலிருந்து குரலை 8,000 மாதிரி அளவிலேயே வாங்குகின்றன. புளூடூத் பேச்சுக்கு அகன்ற பட்டை வந்தது 2011-ல் வெளியான ஹேண்ட்ஸ்-ஃப்ரீ 1.6 பதிப்பில். நெட்வொர்க் கொச்சியிலிருந்து போடி வரை 7,000 ஹெர்ட்ஸைச் சுமந்து வந்து இறக்கிய பிறகு, போனுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள கடைசி ஒரு முழத்தில் அது வெட்டப்படுகிறது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு போனைக் காதில் வைத்துப் பாருங்கள். குரல் அகன்றால், குறை சொல்லி கஸ்டமர் கேருக்குப் போட வேண்டியதில்லை.