பரீட்சை முடிந்த மூன்றாம் மாதம் முடி கொட்டுவது ஏன்?

"டாக்டர், எங்க ஹாஸ்டல் தண்ணி சரியில்லை. தலையில கை வச்சாலே கொத்துக் கொத்தா வருது."

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளிலிருந்து வைத்தியத்துக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கூட வரும் அம்மாவும், "வீட்டுல இருந்தவரைக்கும் இவளுக்கு எப்படி முடி இருந்துச்சு தெரியுமா?" என்று கண் கலங்குவார். இவர்கள் வருவது பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலோ, ஜூலை, ஆகஸ்டிலோதான். காரணம் தண்ணீர் என்றால், தண்ணீர் வருடம் முழுக்க ஒன்றுதானே? இந்த மாதங்களில் மட்டும் ஏன் கொட்ட வேண்டும்?

அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த பொறியியல் கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை பொதுவாக நவம்பர்-டிசம்பரிலும், ஏப்ரல்-மேயிலும் வரும். அதிலிருந்து இரண்டு மூன்று மாதம் எண்ணிப் பாருங்கள். விடை கிடைத்துவிடும்.

முடி வைத்திருக்கும் கணக்கு

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும். பிறகு வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சுமார் மூன்று மாதம் வேரிலேயே சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் பின் உதிரும். அந்த இடத்தில் புது முடி முளைக்கும். இப்படி நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான்.

உடம்புக்கு ஒரு பெரிய நெருக்கடி வந்தால் இந்த வரிசை குலைகிறது. கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி, மனக்கலக்கம் எதுவானாலும் சரி. வரவு குறைந்த வீட்டில் முதலில் எந்தச் செலவை நிறுத்துவோம்? அவசியமில்லாததைத்தானே! உடம்பும் இதயத்துக்கும் மூளைக்கும் தருவதைக் குறைக்காது. முடிக்குத் தருவதைத்தான் குறைக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் ஒரு பகுதி, காலத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அன்றைக்கே உதிராது. மூன்று மாதம் காத்திருந்து, எல்லாம் சேர்ந்தாற்போலக் கொட்டும். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இதை விளக்கி, 'டீலோஜன் எஃப்ளூவியம்' என்று பெயர் வைத்தார். ஓய்வில் இருந்த முடி மொத்தமாக உதிர்வது என்று பொருள் சொல்லலாம்.

சித்த மருத்துவமும் இதைத் தன் வழியில் சொல்கிறது. ஏழு உடற்தாதுக்களில் முதலாவது, உண்ட உணவிலிருந்து வரும் சாரம். அதிலிருந்து செந்நீர். சாப்பாடு நேரம் தவறினால் சாரம் குறையும்; சாரம் குறைந்தால் செந்நீர் குறையும். இரவில் கண்விழித்தால் பித்தம் மிகும். இந்த இரண்டும் பரீட்சை மாதத்தில் ஒன்றாகச் சேர்கின்றன.

ஒரு மாணவியின் கதை

விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி அவள். பிப்ரவரி கடைசியில், உதிர்ந்த முடியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தாள். தண்ணீருக்காக ஷாம்பூவை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. விளம்பரத்தில் பார்த்த எண்ணெய், பயோட்டின் மாத்திரை எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஒன்றும் நிற்கவில்லை.

"நவம்பர் மாசம் எப்படிச் சாப்பிட்டே?" என்று கேட்டேன். பிப்ரவரியில் கொட்டுவதற்கு நவம்பரை ஏன் கேட்கிறார் என்று விழித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இரவு இரண்டு மணி வரை படிப்பு. காலையில் எழுவதற்குள் மெஸ்ஸில் டிபன் முடிந்துவிடும். மதியம் பேருக்கு ரசம் சாதம், கையோடு ஒரு டீ. தூக்கம் வராமலிருக்க நாளைக்கு நாலு டீ. இரவு பத்து மணிக்கு நூடுல்ஸ். ஐந்து வாரம் இப்படிப் போனதில் எடை 51 கிலோவிலிருந்து 47 ஆகிவிட்டது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

அவள் ஒருத்திக்கு மட்டும் இந்தக் குறை இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை உண்டு. ஏற்கெனவே இருக்கும் குறைதான் பரீட்சை நேரத்தில் முடியில் வெளிப்படுகிறது.

தண்ணீரா, வேரா? நீங்களே பாருங்கள்

உதிர்ந்த முடி ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளை முடிச்சு இருந்தால், அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. இதற்குத் தண்ணீர் காரணமல்ல. முடிச்சு இல்லாமல், குட்டை குட்டையாக வந்தால் அது நடுவில் ஒடிந்த முடி. உப்புத்தண்ணீர் செய்வது இதைத்தான். முடியைச் சொரசொரப்பாக்கி ஒடிக்கும். ஈரத்தோடு சிக்கெடுப்பதும் ஒடிக்கும். அந்த மாணவியின் கவரில் இருந்தவை பெரும்பாலும் முடிச்சோடு இருந்த நீள முடிகள்.

இன்னொரு சோதனையும் உண்டு. தலைக்குக் குளித்த மறுநாள், ஐம்பது அறுபது முடிகளை விரல்களுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். இரண்டு மூன்று வந்தால் பயமில்லை. ஆறுக்கு மேல், அதுவும் தலையில் பல இடங்களில் வந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒரு முறை மட்டும் தலைக்குக் குளிப்பவர்களுக்கு, அன்றைக்கு முடி நிறைய வருவது சகஜம். ஆறு நாள் உதிர்ந்து சிக்கிக்கொண்டிருந்ததும் அன்றுதானே வெளியே வரும்!

இதில் ஆறுதலான விஷயம், இந்த வகை உதிர்வில் வேர் சாவதில்லை என்பது. காரணம் நீங்கினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் உதிர்வு நின்றுவிடும். சிக்கல் எங்கே என்றால், ஆறு மாதத்துக்கொரு பரீட்சை வருகிறதே! முதல் உதிர்வு ஆறுவதற்குள் அடுத்த நெருக்கடி வந்து சேர்கிறது. நாலு வருடமும் இப்படியே போனால் சடை பாதியாகிவிடும். ஆகவே வைத்தியத்தைக் கொட்டும்போது ஆரம்பித்தால் போதாது. அடுத்த பரீட்சைக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

ஹாஸ்டலிலேயே செய்யக்கூடியது

காலை டிபனைத் தவறவிடக் கூடாது. மெஸ் மூடிவிட்டால் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு கடலை மிட்டாய் போதும். இவற்றுக்கு அடுப்பு வேண்டாம்.

டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். அதற்கு மாறாக நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இவை இரும்பைச் சேர்த்துக் கொடுக்கும். மதியச் சாப்பாட்டோடு இவற்றில் ஒன்று இருக்கட்டும்.

மாலையில் ஒரு கப் சுண்டலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ சாப்பிடலாம். முட்டை சாப்பிடுபவர்கள் தினம் ஒரு அவித்த முட்டை. முடி என்பது புரதத்தால் ஆனது, எண்ணெயால் ஆனதல்ல.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. விடுதிக்கு ஊறுகாய், தொக்கு மட்டும் கட்டிக் கொடுக்காதீர்கள். எள்ளுருண்டை, பேரீச்சம்பழம் கொடுத்தனுப்புங்கள். முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்தி, வறுத்த உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், உப்பு சேர்த்துப் பொடித்தால் ஒரு மாதத்துக்கு இட்லிப் பொடி ஆயிற்று.

படுக்கைக்கு இரவு பதினொரு மணி. காலை ஐந்தரைக்கு எழுந்து படிக்கலாம். இரண்டு மணி வரை விழிப்பதற்கும் இதற்கும் படிக்கும் நேரம் அதிகம் குறையாது, டிபனும் தவறாது.

ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் முழுக்கு. நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் இரண்டு மூன்று டீஸ்பூன் போதும். விரல் நுனியால் தேய்த்து அரை மணி ஊறவிட்டு, சீயக்காயோ மிதமான ஷாம்பூவோ போட்டு இளஞ்சூடான நீரில் குளிக்க வேண்டும். கரிசலாங்கண்ணித் தைலம் கிடைத்தால் நல்லது. உப்புத்தண்ணீராக இருந்தால் கடைசி ஒரு சொம்பு மட்டும் குடிநீரை ஊற்றிக்கொள்ளலாம். காய்ந்த பிறகு அகலப் பல் சீப்பால் வாரவும். சளி, காய்ச்சல் இருக்கும் வாரம் முழுக்கு வேண்டாம். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயை இரவெல்லாம் தலையில் விடக் கூடாது, பொடுகு கூடும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வறட்சியைப் போக்கும், ஒடிவதைக் குறைக்கும், உடம்புச் சூட்டைத் தணிக்கும். வயிற்றுக்குப் போகாத சாப்பாட்டை அது ஈடு செய்யாது.

எது கூடாது?

இரும்புச் சத்து மாத்திரையோ, அன்னபேதிச் செந்தூரமோ, ரத்தப் பரிசோதனை இல்லாமல், வைத்தியர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்கு முன் அதை அவசியம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பரிசோதனை முடிவையே அது மாற்றிக் காட்டக்கூடும் என்று 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்திருக்கிறது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் வெறும் நம்பிக்கையே. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. கத்தி அங்கே போவதில்லை.

எப்போது தாமதிக்கக் கூடாது?

வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. பெண்களுக்கு வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, மாதவிலக்கு தவறி முகத்தில் முடி வளர்ந்தாலோ, வேறு காரணம் பார்க்க வேண்டும். பையன்களுக்கு நெற்றியின் இரு ஓரமும் ஏறிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் பரம்பரை வழுக்கை. சாப்பாட்டால் நிற்காது, தோல் மருத்துவரைச் சீக்கிரம் பார்ப்பதே நல்லது. ஆறு மாதம் கடந்தும் உதிர்வு நிற்காவிட்டால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவிக்கு இரும்புச் சத்து மருந்தோடு மேற்சொன்ன முறையைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் பரீட்சையிலும் அவள் காலை டிபனை விடவில்லை. ஜூனில் உதிர்வு குறைந்தது. ஆகஸ்டில் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டியாகப் புது முடி எழும்பி நின்றது. "வாரினா படிய மாட்டேங்குது டாக்டர்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். அதுதான் குணமாவதன் அடையாளம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அது சடையில் சேர ஒரு வருடத்துக்கு மேலாகும். அதுவரை கண்ணாடியைப் பார்க்காமல் மெஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.