பொருத்துக: தேரி மணலைக் குவித்தது யார்?

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சமூக அறிவியல் வினாத்தாளில் ‘பொருத்துக’ பகுதி கட்டாயம் இருக்கும். ஒரு பக்கம் நிலத்தோற்றங்கள், மறுபக்கம் அவற்றை உருவாக்கிய செயல்கள். டெல்டா என்றால் ஆறு, மணல் குன்று என்றால் காற்று என்று பிள்ளைகள் மனப்பாடமாகக் கோடு இழுத்து மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அதே பிள்ளையைக் கடற்கரையில் நிறுத்தி, “இந்த மணலை இங்கே கொண்டுவந்தது யார்?” என்று கேட்டால் பதில் வருவதில்லை.

பொருத்தும் பயிற்சியைக் கொஞ்சம் மாற்றி அமைத்தால் இந்தக் குறையைத் தீர்க்கலாம். பொதுப் பெயர்களுக்குப் பதிலாக உண்மையான இடங்களைக் கொடுக்க வேண்டும். விடைகள் வினாக்களைவிட இரண்டு கூடுதலாக இருக்க வேண்டும். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் இருந்தால், நான்கு தெரிந்த பிள்ளை மிச்சம் இரண்டை ஊகித்தே போட்டுவிடும். இதோ அப்படி ஒரு பயிற்சி. பெரியவர்களும் விடையைப் பார்க்காமல் ஒருமுறை முயன்று பாருங்கள்.

இடங்கள்

1. மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டைப் பாறை
2. ஒகேனக்கல் பாறைப் பள்ளத்தாக்கு
3. காவிரி டெல்டா
4. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக் காடு
5. பழவேற்காடு ஏரி
6. ஆந்திரத்தின் அரக்குப் பகுதியில் உள்ள பொர்ரா குகைகள்

செயல்கள்

அ. காற்று மணலை அள்ளிவந்து குவித்தது
ஆ. மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தது
இ. ஆறு வேகம் குறைந்து வண்டலைப் படியவைத்தது
ஈ. எரிமலைக் குழம்பு பரவி உறைந்தது
உ. அலையும் கரையோர நீரோட்டமும் மணல் திட்டை எழுப்பி நீர்ப்பரப்பை அடைத்தன
ஊ. பாறை இருந்த இடத்திலேயே சிதைந்து உதிர்ந்தது
எ. பனியாறு பள்ளத்தாக்கைக் குடைந்தது
ஏ. ஆறு பாறையை அரித்தது

விடைகள்: 1–ஊ, 2–ஏ, 3–இ, 4–அ, 5–உ, 6–ஆ. ‘ஈ’, ‘எ’ இரண்டும் இந்த ஆறில் எதற்கும் பொருந்தாது.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்டால் விடை பிடிபடும். இங்கே பாறையோ மண்ணோ எடுக்கப்பட்டதா, போடப்பட்டதா? அதைச் செய்ததற்கு என்ன தடயம் இருக்கிறது?

எடுக்கப்பட்ட இடங்கள்: 1, 2, 6

வெண்ணெய் உருண்டைப் பாறையில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். உருண்டையாக இருக்கிறது, பக்கத்தில் கடல் இருக்கிறது. எனவே அலைதான் உருட்டியிருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது எங்கிருந்தும் வரவில்லை. கருங்கல்லில் இயற்கையாகவே நெடுக்கிலும் குறுக்கிலும் வெடிப்புகள் உண்டு. அவற்றின் வழியே மழைநீர் இறங்கும்போது பாறை பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிந்து நிற்கிறது. கட்டியின் தட்டையான முகத்தை நீர் ஒரு பக்கமிருந்துதான் தாக்கும், மூலையையோ மூன்று பக்கமிருந்தும் தாக்கும். அதனால் வாயில் போட்ட கற்கண்டைப் போல மூலைகள் முதலில் கரைந்து, கட்டி உருண்டையாகிறது. உதிர்ந்த தூளை மழை அடித்துச் செல்ல, உருண்டை மட்டும் நிற்கிறது. இதற்குப் பாடநூல் சொல்லும் பெயர் ‘பாறைச் சிதைவு’. செஞ்சி மலைகளில் அடுக்கி வைத்தாற்போல் கிடக்கும் பாறைகளிலும் இதையே பார்க்கலாம்.

ஒகேனக்கல்லில் நடந்தது அரிப்பு. சிதைவில் பாறை நின்ற இடத்திலேயே நொறுங்குகிறது. அரிப்பில் ஓடும் ஒன்று அதைத் தேய்த்து எடுத்துக்கொண்டும் போகிறது. வெறும் நீரால் கருங்கல்லை எளிதில் தேய்க்க முடியாது. வெள்ளம் உருட்டிவரும் கூழாங்கல்லும் மணலும்தான் ஆற்றின் உளி. மலைப்பகுதி ஆறுகளின் பாறைப் படுகையில் நீர் வற்றிய காலத்தில் வட்டமான குழிகள் தெரியும். சுழலில் சிக்கிய கற்கள் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை அவை. சில குழிகளின் அடியில் அந்தக் கற்கள் இன்னும் கிடக்கும்.

பொர்ரா குகைகளில் பாறை நொறுங்கவும் இல்லை, தேயவும் இல்லை. கரைந்தது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை மழைநீர் சேர்த்துக்கொள்ளும்போது மிக மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, சிறிது சிறிதாகக் கரைத்து, உள்ளே வெற்றிடங்களை உண்டாக்குகிறது. கரைந்த சுண்ணாம்பு குகைக் கூரையிலிருந்து சொட்டும்போது மறுபடியும் படிந்து, விழுதுகளாகத் தொங்குகிறது. குகைக்குக் கீழே கோஸ்தனி ஆறு ஓடுவதால் ‘ஏ’ என்று எழுதும் பிள்ளையும் இருக்கும். ஆற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் கருங்கல் மலையில் அதே ஆறு ஓடியிருந்தால் இப்படிப்பட்ட விழுதுகள் தொங்கும் குகை உண்டாகியிருக்காது. இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு சுண்ணாம்புக்கல் துண்டின் மீதோ கிளிஞ்சலின் மீதோ வினிகரைச் சொட்டினால் நுரைக்கும். கருங்கல் ஜல்லியில் சொட்டினால் ஒன்றும் நடக்காது.

போடப்பட்ட இடங்கள்: 3, 4, 5

இந்த மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. ஏதோ ஒன்று மண்ணைச் சுமந்துவந்து, சுமக்கும் வலு குறைந்த இடத்தில் போட்டிருக்கிறது. சுமந்தது ஆறா, காற்றா, கடலா என்பதுதான் கேள்வி.

காவிரி திருச்சியைத் தாண்டியதும் நிலம் ஏறக்குறைய தட்டையாகிவிடுகிறது. நீரின் வேகம் தளர, பருமணல் முதலிலும் நுண்ணிய வண்டல் பின்னாலும் படிகின்றன. தான் போட்ட வண்டலாலேயே படுகை உயர்ந்து, ஆறு பழைய வழியில் அடங்காமல் கிளைகளாகப் பிரிகிறது. முக்கொம்பில் தொடங்கும் பிரிவு, கல்லணைக்குக் கீழே இன்னும் பல கிளைகளாகக் கடல் வரை செல்கிறது. கடலில் கலக்கும் எல்லா ஆறும் டெல்டா அமைப்பதில்லை. நர்மதை கலக்கும் காம்பே வளைகுடாவில் ஓதம் மிக வலுவாக இருப்பதால் வண்டல் தங்குவதில்லை. அங்கே இருப்பது கழிமுகம்.

பழவேற்காட்டில் மண்ணைப் போட்டது கடல். வங்கக் கடலின் அலைகள் கரையை நேராக மோதாமல் சாய்வாக மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் மணலைச் சற்றுத் தள்ளிவிட, ஆண்டு முழுவதையும் கணக்கில் எடுத்தால் சோழமண்டலக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. இப்படி நகரும் மணல் கரைக்கு இணையாக நீண்ட திட்டாக எழும்பி, உட்புற நீரைக் கடலிலிருந்து பிரிக்கும்போது காயல் உண்டாகிறது. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா அத்தகைய மணல் திட்டுதான். இந்த நகர்வை நம்ப முடியாதவர்கள் சென்னைத் துறைமுகத்தின் இரு பக்கமும் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கடலுக்குள் சுவர் எழுப்பிய பிறகு, தெற்கே மணல் தடுக்கப்பட்டு மெரினா அகலமானது. மணல் வரத்து நின்ற வடசென்னைக் கரையைக் கடல் அரித்தது.

இனித் தேரி. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சிவந்த மணல் மேடுகள் தெரியும். பனையும் முந்திரியும் நிற்கும் அந்த மேடுகள் கடற்கரையை ஒட்டி இருப்பதால் ‘உ’ என்றோ, செம்மண் போலத் தெரிவதால் ‘ஊ’ என்றோ எழுதத் தோன்றும். சரியான விடையை ஒரு பிடி மணலே சொல்லும்.

மூன்று தாள்களில் மூன்று பிடி மணலைப் பரப்பி, கைலென்ஸில் பாருங்கள். ஆற்று மணலில் பெரிதும் சிறிதுமாகக் கலந்த, முனை மழுங்காத பருக்கைகள் இருக்கும். இடையே மினுக்கும் காக்காப்பொன் செதில்கள் தெரியும், விரலில் சேறு ஒட்டும். கடற்கரை மணல் கழுவியது போலச் சுத்தமாக இருக்கும். சிப்பித் துணுக்குகள் கிடைக்கும். தேரி மணல் நுண்ணியது, ஏறத்தாழ ஒரே அளவுள்ளது. அதில் கூழாங்கல்லைத் தேடினால் கிடைப்பது அரிது. வெள்ளம் கல்லையும் உருட்டும். காற்றால் அது முடியாது. தன்னால் தூக்க முடிந்த அளவுள்ள பருக்கையை மட்டுமே அது பொறுக்கி எடுத்து வருகிறது. கல் இல்லாததும் அளவு ஒன்றாக இருப்பதும்தான் காற்றின் கையெழுத்து.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பருக்கையின் வடிவம் முந்தைய பயணங்களையும் நினைவில் வைத்திருக்கும். ஆறு கொண்டுவந்ததைக் கடல் அலசி, அதைக் காற்று அள்ளியிருந்தால் மூன்றின் தடமும் ஒரே பருக்கையில் இருக்கலாம். தேரியின் சிவப்பும் காற்று தந்ததல்ல. மணலிலுள்ள இரும்புச் சத்துள்ள கனிமங்கள் நெடுங்காலம் சிதைந்து, பருக்கைகளின் மேல் துருப் பூச்சாகப் படிந்ததால் வந்த நிறம் அது. ஆகவே ‘ஊ’ என்று எழுதிய பிள்ளைக்கு அடியோடு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடக் கூடாது. மேட்டைக் குவித்தது காற்று, நிறத்தைத் தந்தது சிதைவு. இந்தக் குழப்பம் வராமல் இருக்க, ‘இந்த வடிவத்தைத் தந்த முதன்மையான செயல் எது?’ என்று வினாவிலேயே தெளிவாகக் கேட்டுவிட வேண்டும்.

மிஞ்சிய இரண்டு

பொருந்தாமல் நின்ற ‘ஈ’, ‘எ’ இரண்டுக்கும் இந்தியாவில் இடம் கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல கூடுதல் கேள்வி. மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலைகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி உறைந்த எரிமலைக் குழம்பால் ஆனவை. அதனால்தான் அந்த மலைச்சரிவுகள் படிப்படியாக இருக்கின்றன. பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு இமயத்தில் கங்கோத்ரிப் பக்கம் உண்டு. ஆறு மலையில் கீழ்நோக்கி அறுப்பதால் அதன் பள்ளத்தாக்கு அடியில் குறுகி இருக்கும். பனியாறு அகலமாக நகர்ந்து அடியையும் பக்கங்களையும் சேர்த்தே தேய்ப்பதால் அதன் பள்ளத்தாக்கு அடியிலும் அகன்றிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொருத்துக வினாவுக்கு இரண்டு மதிப்பெண் தருவதாக இருந்தால், ஒன்றைச் சரியான எழுத்துக்கும் மற்றொன்றை ‘எப்படித் தெரியும்?’ என்று பிள்ளை எழுதும் ஒரு வரிக்கும் கொடுங்கள். “தேரியில் கூழாங்கல் இல்லை, அதனால் காற்று” என்று எழுதும் பிள்ளைக்கு அடுத்த ஊரின் மணல் மேட்டையும் படிக்கத் தெரியும். பெற்றோரும் ஆற்றுக்கோ கடலுக்கோ போகும்போது ஒரு சிறிய டப்பாவையும் கைலென்ஸையும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள். மூன்று இடத்து மணல் சேர்ந்துவிட்டால், இந்தப் பயிற்சியின் கடினமான பாதியை வீட்டு மேசையிலேயே செய்து பார்த்துவிடலாம்.