பிரமாணம் காட்டும் நெறி: முதற்பக்கம் தொடங்கி முடிவுவரை

பூர்வாசாரியர்கள் ஒரு பிரமாணத்தை எடுக்குமிடத்து, பெரும்பாலும் அதன் முதற்சொற்களை மாத்திரம் காட்டி, ‘என்கிறபடியே’ என்று மேலே செல்வர். காண்டமோ ஸர்க்கமோ பத்தோ சொல்லுவதில்லை. எதிரே எழுந்தருளியிருந்த கோஷ்டிக்கு மூலங்கள் கண்டபாடமாதலின், முதற்சொல் கேட்டவுடன் முழுப்பாசுரமும் ச்லோகமும் நினைவுக்கு வந்துவிடும். அதுவும் ஒரு மேற்கோள் நெறியே. அந்த ஸதஸ்ஸுக்கு அது போதியது. தொடக்கம் முதல் முடிவு வரை மாறாததும் ஆகும்.

இன்று வைணவ வ்யாக்யானங்களை ஆராயும் மாணவர் எழுதும் கட்டுரையைப் படிப்பவர்க்கு அந்தக் கண்டபாடம் இருக்கும் என்று கொள்ளவியலாது. காட்டிய எண்ணைக் கொண்டு நூலைத் திறந்து பார்ப்பதே அவர்க்கு வழி. ஆனால் கட்டுரையைப் பணிக்கும் ஆசிரியர் எந்த மேற்கோள் நெறியைப் பின்பற்றவேண்டும் என்று சொல்லாமலே விடுவதும் உண்டு. அப்பொழுது முதற்கண் செய்யத்தக்கது ஆசிரியரையே கேட்டல். அடுத்தது, அத்துறையில் முன்னர் ஏற்கப்பெற்ற ஆய்வேடுகளைப் பார்த்தல். இவ்விரண்டாலும் விடை கிடையாதபோது மாணவர் தாமே ஒரு நெறியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘ஈட்டில் கைங்கர்ய நிரூபணம்’ என்னும் தலைப்பில் ஒருவர் இருபது பக்கக் கட்டுரை எழுதுவதாகக் கொண்டு, அத்தேர்வை எப்படிச் செய்வது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஆசிரியர்–ஆண்டு நெறி பொருந்துமா?

இக்காலத்தில் பரவலாக வழங்குவது, ஆசிரியர் பெயரையும் பதிப்பாண்டையும் அடைப்புக்குள் இடும் நெறி. அறிவியல் கட்டுரைகளுக்கு அது தகும். ஒரு கருத்து எந்த ஆண்டில் வெளிவந்தது என்பது அங்கே முதன்மையான செய்தி. வ்யாக்யானங்களுக்கு அந்நெறி இரண்டு வகையில் இடர் தருகின்றது.

முதலாவது, ஆண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் விளங்கிய நம்பிள்ளையின் பெயருக்கருகே சென்ற நூற்றாண்டின் அச்சாண்டு நிற்குமாயின், அது பதிப்பாளருடைய காலத்தைச் சொல்லுமேயன்றி ஆசாரியருடைய காலத்தைச் சொல்லாது. இரண்டாவது, பெயர். ஈடு நம்பிள்ளை அருளிச்செய்த காலக்ஷேபத்தை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது. அடைப்புக்குள் யார் பெயரை இடுவது? முதற்பக்கத்தில் ஒருவர் பெயரும் பத்தாம் பக்கத்தில் மற்றவர் பெயரும் வந்தால், படிப்பவர் இரண்டு நூல்கள் என்றே கொள்வர். பெரியவாச்சான் பிள்ளை பெயரை மாத்திரம் சொன்னாலும் போதாது. அவர் அருளிய வ்யாக்யானங்கள் பல.

ஆகவே இத்தகைய கட்டுரைக்கு உகந்தது, மூலங்களையும் வ்யாக்யானங்களையும் நூற்பெயராலும் உட்பிரிவு எண்ணாலும் கட்டுரையின் உடலிலேயே காட்டி, தற்கால ஆய்வுநூல்களை மாத்திரம் அடிக்குறிப்பில் ஆசிரியர், நூல், பதிப்பு, பக்கம் என்று காட்டுவதாகும். இது புதிதாகப் புனைந்த கலப்பு நெறியன்று. பழம்பெரும் இலக்கியங்களைப் பக்க எண்ணாலன்றி, எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான உட்பிரிவுகளால் காட்டுவதைச் சிகாகோ நெறிக்கையேடும் ஏற்றுக்கொண்டுள்ளது. அதன் அடிக்குறிப்பு முறையைத் தழுவுவதாகக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், மதிப்பிடுவோர்க்கு ஐயம் எழாது.

தொடரெண்ணா, பத்தெண்ணா?

அடுத்து, பாசுரத்தை எந்த எண்ணால் காட்டுவது என்னும் வினா. நாலாயிரத்துக்கும் ஒரே தொடரெண் இடுவது ஒரு வழக்கு. நூற்பெயர், பத்து, திருமொழி, பாசுரம் என்று பிரித்துக் காட்டுவது மற்றொரு வழக்கு. தொடரெண் ஒன்றே எண்ணாகச் சுருங்கி நிற்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த எண் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது.

மாற்றத்தின் காரணம் திருமங்கையாழ்வாருடைய இரண்டு மடல்களிலும் இராமாநுச நூற்றந்தாதியிலும் உள்ளது. சிறிய திருமடலை 40 என்றும் பெரிய திருமடலை 78 என்றும் கணக்கிட்டு, நூற்றந்தாதியின் 108 பாசுரங்களையும் இயற்பாவோடு சேர்த்தால் மொத்தம் 4000 ஆகும். திருவாய்மொழி இறுதியில் வைக்கப்பெறும் அப்பதிப்புகளில் அதன் முதற்பாசுரம் 2899-ஆம் எண்ணைப் பெறும். மடல் ஒவ்வொன்றையும் ஒரே பாட்டாகக் கொண்டு, நூற்றந்தாதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மொத்தம் 3776. அப்போது அதே பாசுரம் 2675-ஆம் எண்ணைப் பெறும். இடைவெளி 224.

நம் மாணவர் கைங்கர்ய ப்ரார்த்தனைக்கு ‘ஒழிவில் காலமெல்லாம்’ என்னும் திருவேங்கடப் பாசுரத்தை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது திருவாய்மொழி 3.3.1. முதற்பத்தில் 110 பாசுரங்கள். இரண்டாம் பத்தில், ‘கேசவன் தமர்’ என்னும் திருவாய்மொழி மாத்திரம் 13 பாசுரங்கள் உடையதாகையால், 112. மூன்றாம் பத்தின் முதல் இரண்டு திருவாய்மொழிகள் 22. ஆகவே இது திருவாய்மொழியின் 245-ஆம் பாசுரம். ஒருவகைப் பதிப்பில் இதன் தொடரெண் 3143. மற்றவகைப் பதிப்பில் 2919.

மாணவர் 2919 என்று எழுதிவிட, படிப்பவர் கையில் மற்றவகைப் பதிப்பு இருந்தால், அவர் சென்று சேருமிடம் திருவாய்மொழி 1.2.10. அது திருமந்த்ரார்த்தத்தோடு இயைத்துப் பூர்வர்கள் அநுஸந்திக்கும் நாராயண சப்தம் அமைந்த பாசுரம். தொடர்பே இல்லாத ஓரிடத்தில் போய் விழுந்திருந்தால் எண் பிழை என்று அவர் உடனே உணர்வார். இங்கோ பொருள் ஓரளவு பொருந்துவது போலத் தோன்றும். ஆகவே எண்ணை ஐயுறாமல், த்வயத்தின் உத்தரகண்டத்துக்குரிய கைங்கர்யத்தைத் திருமந்த்ரத்துக்குரிய பாசுரத்தில் ஏற்றிச் சொன்னதாகக் கட்டுரையாளரைக் குறைகூறுவர். அதனினும் கொடிது, ஈட்டிலேயே அவ்வாறு உள்ளதென்று கொண்டு தம் கட்டுரையில் எடுத்தாள்வது.

3.3.1 என்னும் எண்ணுக்கு இந்த இடர் இல்லை. ஆயினும் உட்பிரிவு எண்ணும் எங்கும் முற்றிலும் காப்பானதன்று. பெரியாழ்வார் திருமொழியில் திருப்பல்லாண்டைத் தனிநூலாகக் கொண்டால் ‘வண்ண மாடங்கள்’ 1.1 ஆகும், முதல் திருமொழியாகவே எண்ணினால் 1.2 ஆகிவிடும். இங்கே தொடரெண்தான் மாறாமல் 13 என்று நிற்கும். எனவே உட்பிரிவு எண்ணோடு, ஒவ்வொரு பாசுரத்தையும் முதன்முறை எடுக்குமிடத்தில் முதற்சொல்லையும் சேர்த்து எழுதுவது நன்று. பூர்வர்களின் ப்ரதீகம் இன்றும் சரிபார்க்கும் கருவியாக உதவுகின்றது. ஸ்ரீவசநபூஷணம் போன்ற ரஹஸ்ய நூல்களில் சூத்திரப் பிரிவு பதிப்புதோறும் சிறிது வேறுபடுவதால், அங்கும் சூத்திர எண்ணோடு முதற்சொல் வேண்டும்.

வ்யாக்யானத்தையும் அதனுள் வரும் பிரமாணத்தையும் காட்டல்

ஈட்டிலிருந்து எடுக்கும் வாக்கியத்துக்குப் பாசுர எண் மாத்திரம் போதாது. ஒரே பாசுரத்தின் உரை பல பக்கங்களுக்கு நீளக்கூடும். ‘ஈடு 3.3.1, அவதாரிகை’ என்றோ, ‘ஈடு 3.3.1’ என்று எழுதி உரை எந்தச் சொல்லுக்கு உரியதோ அச்சொல்லைச் சேர்த்தோ காட்டினால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் கண்டுகொள்வர். பக்க எண்ணும் தரவேண்டுமாயின் ஒரே பதிப்பின் பக்கங்களையே கடைசிவரை தரவேண்டும். இல்லத்தில் ஒரு பதிப்பும் நூலகத்தில் மற்றொரு பதிப்பும் பார்த்து எழுதுவோர் தம்மை அறியாமலே இங்கே தவறுவர்.

ஈட்டினுள் வரும் ராமாயண வசனத்துக்குப் பதிப்பில் அடைப்புக்குள் காண்டமும் ஸர்க்கமும் இருக்கும். அந்த எண் நம்பிள்ளையின் திருவாக்கன்று. பிற்காலப் பதிப்பாசிரியர் சேர்த்தது. அதை மேற்கோளின் பகுதியாகப் படியெடுக்கலாகாது. மூலத்தைத் தாமே பார்த்துத் தம் எண்ணைத் தனியே தருதல் வேண்டும். எந்தப் பாடத்தைப் பார்த்தோம் என்பதும் தெரியவேண்டும். விபீஷண சரணாகதிப் பகுதியில் பெருமாள் அபயம் அளிக்கும் ச்லோகம் தென்னாட்டுப் பாடத்தில் யுத்தகாண்டம் 18-ஆம் ஸர்க்கத்தில் உள்ளது. பரோடா ஆய்வுப்பதிப்பில் 12-ஆம் ஸர்க்கத்தில் உள்ளது. வ்யாக்யானகர்த்தாக்கள் கண்ட பாடத்துக்கு அணுக்கமானது தென்னாட்டுப் பாடமாதலின், இக்கட்டுரைக்கு அதுவே தக்கது.

நெறி பிறழாமல் காத்தல்

தேர்ந்த நெறியை முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். நூற்குறுக்கங்கள், ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பு, எண்களுக்கிடையே இடும் குறி, வடசொற்களின் எழுத்துமுறை ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். திருவாய்மொழிக்குத் ‘திருவாய்.’ என்று ஒருமுறை குறுக்கம் வகுத்தபின், ‘தி.வா.’ என்றோ ‘திவாமொழி’ என்றோ எழுதலாகாது. 3.3.1 என்று தொடங்கியது இடையில் 3-3-1 ஆகலாகாது. ‘வ்யாக்யானம்’, ‘வியாக்கியானம்’ இரண்டும் வழக்கே. ஒரு கட்டுரைக்குள் ஒன்றே நிற்கவேண்டும். பிறர் வாக்கியத்தை மேற்கோளாக எடுக்குமிடத்தில் மாத்திரம் அவர் எழுத்துமுறையை மாற்றாமல் விடுக.

அடிக்குறிப்பில் ‘மேலது’ என்னும் சொல்லை எழுதும் காலத்தில் இடாதிருத்தல் நலம். இரண்டு குறிப்புகளுக்கிடையே பின்னொரு நாள் புதுக்குறிப்பு ஒன்றைச் செருகினால், ‘மேலது’ உடனே வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். எழுத்தில் எந்தப் பிழையும் கண்ணுக்குப் படாது. குறுக்கப்பெயரையே ஒவ்வொருமுறையும் எழுதினால் இந்த அபாயம் இல்லை.

முடிவில், கட்டுரையைப் பொருளுக்காகப் படிக்காமல், மேற்கோள்களை மாத்திரம் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் நோக்கிப் பார்த்து வருக. முன்னிருந்து படித்தால் வாதத்தின் போக்கு நம்மை இழுத்துச்செல்ல, எண்கள் பார்வையிலிருந்து நழுவும். திருவாய்மொழி எண் ஒவ்வொன்றிலும் இரண்டாம் எண் பத்துக்கு மேற்படலாகாது. மூன்றாம் எண், 2.7 ஒழிந்த இடங்களில், பதினொன்றுக்கு மேற்படலாகாது. மேற்பட்டிருந்தால் அது எழுத்துப்பிழை, அல்லது வேறொரு நூலிலிருந்து அப்படியே படியெடுத்தது. பின்னதாயின் அந்த மேற்கோளை மூலத்தில் நாம் பார்க்கவேயில்லை என்று பொருள். எண்ணைத் திருத்துமுன் நூலைத் திறந்து பாசுரத்தைக் காண்க.