ராத்திரி ஒன்பது மணிக்கு போன் யார் கையில்?

மாலை ஆறரை மணி. மொட்டை மாடிக் கொட்டகையில் பதினெட்டுப் பிள்ளைகள் இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் டீச்சரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் புதிதாக ஒரு வீடியோ வருகிறது. மறுநாள் ஒரு அம்மா கேட்கிறார்: "நேத்து சாயங்காலம் நீங்க கிளாஸ் எடுக்கலையா டீச்சர்? வீடியோ போட்டுக்கிட்டு இருந்தீங்களே!"

முந்தின நாளே எடுத்து, தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்த வீடியோ அது. சொன்னால் புரியும்தான். ஆனால் ஃபீஸ் கட்டுகிறவர் மனதில் சந்தேகம் விழுந்த பிறகு சொல்லும் விளக்கத்துக்கு மதிப்புக் குறைவு. டியூஷன் நடத்துகிறவர்கள் பக்கத்தில் பதிவிட நேரம் பார்க்கும்போது முதலில் அடித்துவிட வேண்டியது தங்கள் வகுப்பு நேரத்தைத்தான். அந்நேரம் வரும் கேள்விகளுக்குப் பதில் போடவும் முடியாது.

'பதிவிட உகந்த நேரம்' என்று இணையத்தில் சுற்றும் அட்டவணைகள் டியூஷன் பக்கத்துக்குப் பெரும்பாலும் உதவாது. பல ஊர், பல தொழில் பக்கங்களைக் கலந்து எடுத்த சராசரி அது. பள்ளி மணி அடிப்பதையும், வீட்டில் இரவுச் சாப்பாடு முடிவதையும் அந்தச் சராசரி அறியாது.

இன்னொன்று. இன்ஸ்டாகிராம் 2016இலேயே பதிவுகளை நேர வரிசைப்படி காட்டும் வழக்கத்தைக் கைவிடத் தொடங்கிவிட்டது. யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்துத்தான் காட்டுகிறது. எனவே காலையில் போட்ட நல்ல வீடியோ ஒருவருக்கு மறுநாள் இரவுகூடப் போய்ச் சேரலாம். ஸ்டோரி அப்படியல்ல, 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதே கணக்குதான். ஆகவே நேரம் பார்த்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியது ஸ்டோரிக்கும் ஸ்டேட்டஸுக்கும்தான்; பாடம் சொல்லும் வீடியோவுக்கு அவ்வளவு இல்லை.

சரி, பார்க்கிறவர்கள் எப்போது வருகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கணக்கை தொழில்முறைக் கணக்காக மாற்றி, நூறு பேராவது பின்தொடர்ந்தால், இன்ஸ்டாகிராமே Most active times என்று ஒரு வரைபடம் காட்டும். எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் அதிகம் பேர் உள்ளே இருந்தார்கள் என்பது அதில் தெரியும். டியூஷன் பக்கமென்றால் இரவில்தான் உச்சமாக இருக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு அந்த போன் யார் கையில் இருக்கிறது என்று வரைபடம் சொல்லாது.

நம் வீடுகளில் ஒரே போனை அம்மாவும் பிள்ளையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது சகஜம். கணக்கு அம்மா பெயரில் இருக்கும். இரவில் அதில் ரீல்ஸ் பார்ப்பது ஒன்பதாம் வகுப்புப் பையனாக இருக்கும். அந்த நேரத்தில் 'புதிய பேட்ச் சேர்க்கை, கட்டண விவரம்' என்று போட்டால், படிக்க வேண்டியவர் கண்ணில் படுவதற்கு முன் விரல் அதைத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். பெற்றோருக்கான செய்தியைப் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம். காலைப் பரபரப்பு அடங்கிய பத்தரை, பதினொன்று மணி வீட்டிலிருக்கும் அம்மாக்களுக்கு. மதியச் சாப்பாட்டு வேளை வேலைக்குப் போகிறவர்களுக்கு. அப்பா துபாயில் இருந்தால் அவருக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு நேர்மாறு. பள்ளியும் டியூஷனும் முடிந்து, சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தில் உட்காரும் எட்டரை மணி சுமாருக்கு ஒரு கணக்கு போட்டால் சிலராவது நோட்டை எடுப்பார்கள். பத்து மணிக்கு மேல் போடுவதில் பயனில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்காக இன்ஸ்டாகிராம் கொண்டுவந்திருக்கும் டீன் கணக்குகளில் இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் ஒலிக்காது. வயதைக் கூட்டிச் சொல்லிக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாதுதான். அதற்காக ஒரு டீச்சர் பதினொரு மணிக்குப் பிள்ளையை போன் பக்கம் இழுத்தால் எந்தப் பெற்றோர் பொறுத்துக்கொள்வார்?

இதெல்லாம் ஊகம், சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகும். முந்நூறு பேர் பின்தொடரும் ஒரு பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சரை எடுத்துக்கொள்வோம். வாரம் இரண்டு பதிவு: செவ்வாயன்று பெற்றோருக்கு, வெள்ளியன்று மாணவருக்கு. பெற்றோர் பதிவை முதல் வாரமும் மூன்றாம் வாரமும் காலை பத்தரைக்கு, இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் இரவு ஒன்பதுக்குப் போடுகிறார். நான்கும் ஒரே மாதிரிப் பதிவாக இருக்க வேண்டும். ஒன்று வீடியோ, ஒன்று போஸ்டர் என்றால், வித்தியாசம் நேரத்தால் வந்ததா பதிவின் வகையால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றும் வெளியாகி சரியாக 48 மணி நேரம் கழித்து எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று நோட்டில் குறிக்கிறார்.

காலைப் பதிவுகள் 90, 110. இரவுப் பதிவுகள் 140, 260 என்று வந்தால்? இரவுதான் சிறந்தது என்று துள்ள வேண்டாம். அந்த 260 எப்படி வந்தது என்று பார்த்தால், சித்தி பையன் தன் கல்லூரி நண்பர்களுக்கு அனுப்பியிருப்பான். சின்னப் பக்கத்தில் ஒரு ஆள் நினைத்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகிவிடும். அதனால் நோட்டில் இன்னொரு கட்டமும் வேண்டும்: போன் செய்து விசாரித்தவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரிடமும் "எதைப் பார்த்துட்டுக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டால் போதும். காலைப் பதிவு நூறு பேரைத்தான் எட்டியது, ஆனால் மூன்று அம்மாக்கள் கூப்பிட்டார்கள் என்றால் காலைதான் வென்றது.

வாரம் இரண்டு என்பது குறைவாகத் தோன்றலாம். ஒரு கணக்கை எடுத்து, பலகையில் எழுதி, படம்பிடித்து, தவறு சரிபார்த்து வெளியிட ஒன்றரை மணி நேரமாவது போகும். தினம் ஒன்று போடுகிறேன் என்று ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்டில் காணாமல் போன பக்கங்கள் ஏராளம். தினமும் ஏதாவது போட்டாக வேண்டுமே என்ற தவிப்பில்தான் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூப் படங்கள் பிறக்கின்றன. பிள்ளைகள் பாடத்துக்காகப் பின்தொடர்கிறார்கள், ரோஜாவுக்காக அல்ல. ஞாயிறு மதியம் உட்கார்ந்து நான்கு வீடியோக்களை எடுத்து, இன்ஸ்டாகிராமிலேயோ இலவசமாகக் கிடைக்கும் Meta Business Suite-லேயோ நேரம் குறித்து வைத்துவிட்டால் இரண்டு வாரம் ஓடிவிடும். ஆனால் நேரம் குறித்ததை மறந்துவிடக் கூடாது. மழைக்கு விடுமுறை விட்ட நாளில் 'இன்று பள்ளியில் என்ன படித்தீர்கள்?' என்று பதிவு வந்து நிற்கும்.

எண்ணிக்கையை ஆண்டு முழுக்க ஒரே அளவில் வைக்கவும் தேவையில்லை. காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் இரண்டு வாரம் முன்பு மாணவர் பதிவைக் கூட்டலாம். தேர்வு நாட்களில் பேசாமல் இருப்பது நல்லது. கணக்குப் பரீட்சை முடிந்த மதியமே விடைகளைப் போட்டால் லைக் குவியும். தவறாக எழுதிய பிள்ளை அடுத்த பரீட்சைக்குப் படிக்காமல் அழுதுகொண்டிருக்கும். மதிப்பெண் வந்த பிறகு பெற்றோரின் காலம் தொடங்குகிறது. மே மாதத்தில் பொதுத்தேர்வு முடிவு வந்ததிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை, பிறகு காலாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வரும் அக்டோபரில், அடுத்து அரையாண்டு மதிப்பெண் தெரியும் ஜனவரியில், பெற்றோர் தாங்களாகவே டியூஷன் தேடுகிறார்கள். பெற்றோர் பதிவை வாரம் இரண்டாக்க வேண்டிய நாட்கள் இவைதான்.

தேர்வு முடிவு வரும் நாளில் மட்டும் சேர்க்கை விளம்பரம் வேண்டாம், டீச்சர். அன்று உங்கள் மாணவர்களில் ஒருவர் தோற்றிருக்கலாம். இரண்டு நாள் பொறுத்துப் போடுங்கள்.